சாவிக்கு ஒரு பாக்கெட்

பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் போகும் காலை பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றபடியே போனில் தட்டிய வரி அது: "பூட்டுச் சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கும் வரை, உங்கள் கை உங்களுடையது." இறங்குவதற்குள் நான்கு முறை படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. இப்போதும் அந்த வரியை நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டியிருந்தது வேறொன்று.

ஷூவின் மேல்பாகம் தைக்கும் சிறிய கம்பெனி எங்களுடையது. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துச் சேர்ந்த எனக்கு உற்பத்திக் கணக்கு எழுதும் வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு பற்றிச் சொல்வது அதுவரை அரை நிமிட வேலையாக இருந்தது. "கைய பத்திரமா பாத்துக்கோங்க" என்று மேனேஜர் சொல்வார், எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்கள், முடிந்தது. நானே எழுதித் தருகிறேன் என்று போய் நின்றேன். பதினோரு நிமிடம் பேசுகிற மாதிரி, மெஷின் முன்னால் நின்று செய்து காட்டுகிற மாதிரி எழுதினேன். மேனேஜர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "நீயே படிச்சிடுமா" என்றார். அதைத்தான் எதிர்பார்த்தேன்.

முதல் பாதி தடுப்பு மூடிகளைப் பற்றியது. பெல்ட்டும் கப்பியும் ஓடுகிற இடத்தில் மூடி ஏன் இருக்கிறது, அதைக் கழற்ற ஸ்பேனர் ஏன் தேவைப்படுகிறது, மூடி இல்லாத மெஷினை ஏன் ஓட்டக்கூடாது. தோல் வெட்டும் பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கைகளால் அழுத்தினால்தான் மேல்தட்டு இறங்கும். அப்போது கை எதுவும் கத்திக்குப் பக்கத்தில் இருக்க வாய்ப்பில்லை. நான் சேர்ந்த புதிதில், அதில் ஒரு பட்டனை யாரோ தோல்வாரால் இழுத்துக் கட்டியிருந்தார்கள், ஒரு கை மிச்சமாகட்டும் என்று. அந்த வாரை அறுத்து எடுத்து ஒவ்வொரு பேச்சிலும் தூக்கிக் காட்டுவேன். வெட்டுகிற அண்ணன்களில் ஒருவர், "மேடம், காட்டி முடிச்சதும் குடுங்க, செருப்புக்கு ஆவும்" என்பார். சிரிப்பு வரும். சிரித்தால் நினைவில் நிற்கும் என்பது என் கணக்கு.

இரண்டாவது பாதி பூட்டு. அதைப் பசை ரோலர் மெஷினில் செய்து காட்டுவேன். இரண்டு ரோலர்கள் எதிரெதிராகச் சுழலும்; நடுவில் தோலைக் கொடுத்தால் பசை பூசி வெளியே தள்ளும். தோலை இழுக்கிற அதே வேகத்தில் விரலையும் இழுக்கும். மாலையில் வேலை முடிந்ததும் மூடியைக் கழற்றி ரோலரைத் துணியால் துடைக்க வேண்டும். அதற்கு முன்னால்: பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல். மெஷினை நிறுத்து. சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சின் கைப்பிடியை இறக்கு. அதில் உன் பூட்டைப் போடு. உன் பெயர் எழுதிய அட்டையை மாட்டு. சாவியைப் பாக்கெட்டில் போடு. திரும்பி வந்து மெஷினை ஆன் செய்து பார். ஓடவில்லையா? மறுபடி ஆஃபில் வைத்துவிட்டு, பிறகு கை வை.

சாவி வரி வரும்போது என் வெள்ளைக் கோட்டின் பாக்கெட்டில் சாவியைப் போட்டு, மேலே இரண்டு தட்டுத் தட்டுவேன். ஐந்து பேச்சுக்கு அப்படித் தட்டியிருக்கிறேன்.

ஐந்தாவது பேச்சில் வந்தவர் ஓர் அக்கா. அதுவரை கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை. கம்பெனி வேலை இதுதான் முதல். பேச்சு முடிந்ததும் யாராவது ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். அவர் ஒரு படி விடாமல் சொன்னார். அவரையே பசை ரோலருக்குப் போட்டார்கள். எனக்குச் சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மாலை ஐந்து மணி வாக்கில், துடைக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். உண்மையைச் சொன்னால், என் பேச்சு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மகிழத்தான் போனேன். மூடி கழற்றி ஓரமாக வைத்திருந்தது. அக்கா குனிந்து ரோலர் இடுக்கில் துணியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. சரி, பூட்டைப் பார்ப்போம் என்று சுவர்ப் பக்கம் போனேன். மெயின் சுவிட்ச் தோல் அடுக்கும் ரேக்குக்குப் பின்னால் இருக்கிறது; அங்கிருந்து பார்த்தால் மெஷின் தெரியாது, மெஷினிலிருந்து சுவிட்ச் தெரியாது.

அங்கே எங்கள் மெக்கானிக் அண்ணன் நின்றிருந்தார். கைப்பிடி இறங்கியிருந்தது. அக்காவின் பெயரோடு அட்டை தொங்கியது. பூட்டு அவர் கையில் திறந்திருந்தது. மறு கை கைப்பிடியில் இருந்தது.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"இன்னாமா?" என்றார். "மோட்டார்ல சத்தம் வருதுன்னாங்க. ஓட வுட்டுப் பாக்கணும்."

"அங்க அக்கா துடைச்சிட்டிருக்காங்கண்ணா."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கையை எடுத்துக் கோட்டில் துடைத்துக்கொண்டார். சாவி எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் அடித்திருந்த ஆணியைக் காட்டினார். ரொம்ப வருடமாக இருக்கும் ஆணி. போர்டுக் கதவின் சாவி அதில்தான் தொங்கும். "சாவி ஆணியில இருந்தா வேல முடிஞ்சிதுன்னு அர்த்தம். அட்டைய எடுக்க மறந்துட்டுப் போறதுதான் தினமும் நடக்குதே" என்றார். அவர் சொன்னதில் தவறு எனக்குத் தெரியவில்லை. அதுதான் பேஜார்.

மெஷினுக்கு வந்தோம். அதில் பழைய திருகு சுவிட்ச். அது ஆனில் இருந்தது. சோதித்துவிட்டு ஆஃபில் வைத்தேன் என்று அக்கா உறுதியாகச் சொன்னார். துடைக்கும்போது முழங்கை தட்டியிருக்க வேண்டும். அதாவது மெக்கானிக் அண்ணன் கைப்பிடியை ஏற்றியிருந்தால் ரோலர் அந்த நொடியே சுழன்றிருக்கும். நானே திருகை ஆஃபுக்குத் திருப்பினேன். பிறகு நான் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே: சாவியைப் பாக்கெட்டில் போடச் சொன்னேனே, ஏன் போடவில்லை?

அக்கா பசை ஒட்டிய இரண்டு கைகளாலும் தன் நீலக் கோட்டை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினார்.

"பாக்கெட் எங்க இருக்குது மேடம்?"

இல்லை. ஒரு கோட்டிலும் இல்லை. ஷூவில் வைக்கும் வளையமும் பக்கிளும் காணாமல் போகிறதென்று, நான் சேருவதற்கு முன்பே தொழிலாளர்களின் கோட்டில் பாக்கெட் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஸ்டாஃபின் வெள்ளைக் கோட்டில் மட்டும் உண்டு. தினமும் இந்த நீலக் கோட்டுகளுக்கு நடுவில்தான் நடக்கிறேன், பார்த்ததில்லை.

ஏன் அன்றைக்கே கேட்கவில்லை என்றேன்.

"நீங்க உங்க பாக்கெட்ட தட்டிக் காட்னீங்க. நாங்க நம்மளுக்கு எது இருக்குதுன்னு பாத்தோம். ஆணி இருந்திச்சி."

மறுநாள் காலை மேனேஜரிடம் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். ஆனால் பாக்கெட் என்றதும் மறுபடி உட்கார்ந்தார். பாக்கெட் வைத்தால் கேட்டில் எல்லோரையும் சோதிக்க வேண்டும், பெண்களைச் சோதிக்கப் பெண் ஆள் வேண்டும், வேண்டாம். கழுத்தில் கயிறு கட்டி மாட்டச் சொல் என்றார். ரோலர் பக்கத்தில் தொங்கும் கயிறு எதுவும் கூடாது என்று என் ஆறாவது வரி சொல்கிறது, வளையலைக்கூடக் கழற்றச் சொல்கிறேன் என்றேன். இடுப்பில் செருகச் சொல் என்றார். கோட்டுக்கு உள்ளேயா சார் என்றேன். அவர் ஃபைலைப் பார்க்க ஆரம்பித்தார்.

சாவிக்கு ஒரு வழி கிடைக்கும் வரை ரோலரைத் துடைக்கக்கூடாது, ஒருத்தரும் மூடியைத் தொடக்கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். எனக்கு அந்த அதிகாரம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. பசை காய்ந்தால் மறுநாள் ரோலர் ஓடாது என்பது மேனேஜருக்கும் தெரியும். ஆக, சாயங்காலம் ஐந்து மணி வரைதான் எல்லோருக்கும் நேரம்.

வழியைக் கண்டுபிடித்தவர் அக்காதான். மதியச் சாப்பாட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பூட்டுச் சாவியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது மட்டும் போற அளவுக்கு வெச்சா இன்னா மேடம்? வேற எதுவும் போவாது இல்ல." நான் சாப்பாட்டை மூடிவிட்டு எழுந்தேன்.

ஒரு கம்பெனி முழுக்கத் தையல்காரர்கள். யோசித்தால் சிரிப்பாக இருந்தது. நான்கு மணி நேரமாக ஒரு பாக்கெட்டுக்காக அலைந்திருக்கிறேன். தையல் வரிசையில் இருந்த பெண்கள் கழிவில் கிடந்த உள்தோல் துண்டுகளை எடுத்தார்கள். சாவியை மேலே வைத்துச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி, அக்காவின் கோட்டில் இடது மார்புப் பக்கம் தைத்து, மேலே ஒட்டிக்கொள்ளும் மடிப்பு ஒன்றும் வைத்தார்கள். தட்டையாக, எதிலும் மாட்டாமல். ஒருத்தி, "ஷூவுக்குக்கூட நான் இவ்ளோ நீட்டா தச்சதில்லடி" என்றாள்.

மேனேஜர் வந்தார். எங்களிடமுள்ள மிகச் சின்ன பக்கிளை எடுத்து அந்தப் பாக்கெட்டில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். அப்போதும் இல்லை. "எல்லா கோட்டுக்கும் வெச்சிடுங்க" என்றார். அந்த ஆணியை மெக்கானிக் அண்ணன் அன்றே பிடுங்கிவிட்டார். போர்டுச் சாவி அவரிடமே போனது. பூட்டோடு வந்த இரண்டாவது சாவிகளை மேனேஜர் ஒரு டப்பாவில் போட்டு ஒட்டினார். பூட்டியவரைத் தேடி, அவர் கம்பெனியில் இல்லை, மெஷினில் யாருமில்லை என்று நேரில் பார்க்காமல் அதைத் திறக்கக்கூடாதென்று எழுதி வாங்கினேன்.

இப்போது பேச்சு பதினான்கு நிமிடம். செய்து காட்டும்போது நீலக் கோட்டைப் போட்டுக்கொள்கிறேன். கடைசி மூன்று நிமிடம் மெக்கானிக் அண்ணனுடையது. புதிதாக வந்தவர் ஒருவர் பூட்டிவிட்டு வந்து நிற்பார். அண்ணன் அவசரமாக ஓடி வந்து, "சாவி குடும்மா, ஜாஸ்தி நேரம் இல்ல, முதலாளி கத்துறாரு" என்பார். நன்றாகவே நடிக்கிறார். பாதிப்பேர் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்தவர் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

போன வாரம் அது நடிப்பாக இல்லை. லோடு ஏற்ற வேண்டிய நாள். ரோலர் உடனே ஓட வேண்டும். ரேக்கின் இந்தப் பக்கம் நின்று அண்ணன் சாவிக்காகக் கை நீட்டினார். அக்கா நிமிரவில்லை. ஈரத் துணியோடு ஒரு கையைத் தூக்கி இடது மார்பில் ஒரு தட்டுத் தட்டினார். இடுக்கைத் துடைத்து முடித்தார். மூடியை மாட்டி நான்கு போல்ட்டையும் முடுக்கினார். திருகு ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "நானே வர்றேண்ணா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் நடந்தார். அண்ணன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவர் பின்னால் போனார்.