இருபது நாள் உச்சியும் போடாத ஆர்டரும்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் ஜோசியர் என்றுதான் கூப்பிட்டார்கள். பங்குத் தரகரின் அந்தச் சின்னக் கிளையில் மூன்றாவது மேசை அவருடையது. வாடிக்கையாளர்கள் சொல்லும் ஆர்டரைக் கணினியில் போடும் டீலர் வேலை, ஆனால் ஆர்டரோடு ஒரு ஆரூடத்தையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "நாளைக்கு விழும், எழுதி வெச்சுக்குங்க" என்பார். விழுந்தால் பக்கத்து மேசைப் பெண்ணிடம் நாலு தடவை ஞாபகப்படுத்துவார். விழாவிட்டால் டீ குடிக்கப் போய்விடுவார்.

அவருடைய ஆரூடத்தைக் காதில் வாங்காத ஒரே ஆள், ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் லேப் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். ஒரு முழங்கால் மடங்க மறுத்ததால் படியைப் பிடித்துப் பிடித்து ஏறி வருவார். காலை வேலைக்குப் போகும் வழியில், சந்தை திறப்பதற்கு முன்னால், மடித்த ஆர்டர் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். வேலை நேரத்தில் போனைத் தொட அவர்களுக்கு அனுமதி இல்லை.

அவருடைய முறையைச் சொல்ல அரை நிமிஷம் போதும். ஒரு பங்கு கடந்த இருபது நாளில் தொட்ட மிக உயர்ந்த விலையைத் தாண்டினால் வாங்க வேண்டும். வாங்கிய பிறகு, கடந்த பத்து நாளின் மிகக் குறைந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிட வேண்டும். அந்தப் பத்து நாள் கோடு விலையோடு மேலே ஏறலாம், கீழே மட்டும் இறங்கக் கூடாது. வாங்கும் விலைக்கும் அந்தக் கோட்டுக்கும் எவ்வளவு தூரமோ அதை வைத்துத்தான் எத்தனை பங்கு என்று முடிவு செய்வார். கோடு தூரமாக இருந்தால் பங்கு குறையும், கிட்டே இருந்தால் கூடும். எப்படித் தோற்றாலும் அதிகபட்சம் போவது ஏறக்குறைய ஒரே தொகைதான். அதற்கு அவர் 'ஒரு அடி' என்று பேர் வைத்திருந்தார்.

"அக்கா, எல்லாரும் மலிவா இருக்கும்போது வாங்குவாங்க. நீங்க இருக்கறதிலேயே அதிக விலைக்கு வாங்கறீங்களே?" என்று ஜோசியர் முதல் வாரமே கேட்டார்.

"ஆமா."

"அது இன்னும் ஏறும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது தம்பி. தெரியாததாலதான் இப்படிப் பண்றேன்." ஒரு நீல நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா படி இறங்கினார். "ஒரு வருஷம் ஒரு சமிக்ஞைகூட விடாம செஞ்சு பார்க்கப் போறேன். வருஷக் கடைசியில கூட்டினா மிச்சம் இருந்துச்சுன்னா தொடருவேன். இல்லன்னா மூட்டை கட்டிடுவேன்."

முதல் ஆறு மாதத்தில் அக்கா அடிமேல் அடி வாங்கினார். பங்கு உச்சியைத் தாண்டும், இரண்டு நாள் சிரிக்கும், திரும்பிப் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் கோடு அறுபட்ட இடத்தில் முகம் சுளிக்காமல் விற்றுவிட்டு, நோட்டில் எழுதிக்கொள்வார். ஜோசியருக்கோ பாவமாக இருந்தது. பாவத்தோடு கொஞ்சம் இளக்காரமும் இருந்தது, எது எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் வந்த சீட்டை அவர் போடவே இல்லை. பங்கு உச்சியைத் தொட்டுத் தாண்டி, அதே வாரம் சரிந்தது.

"நீங்க எழுதின விலை வரம்பைத் தாண்டி ஒரே பாய்ச்சலாப் போயிடுச்சு அக்கா, ஆர்டர் நிறைவேறல" என்று அக்காவிடம் சொன்னார். வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் உண்மையையே சொன்னார், அதுவும் பெருமையாக. "ஒரு அம்மாவுக்கு இன்னைக்கு நஷ்டத்தை மிச்சம் பண்ணிக் குடுத்தேன்."

"அவங்க கேட்டாங்களா?" என்றாள் மனைவி. அவர் குழம்பை ஊற்றச் சொன்னார்.

அதற்கு அடுத்த மாதம் இன்னொரு சீட்டு வந்தது. பம்பு செய்யும் கம்பெனி ஒன்றின் பங்கு. இருபது நாள் உச்சி 212. அதற்கு மேல் 212.50ஐத் தொட்டால் வாங்க வேண்டும், 213க்கு மேல் கொடுக்கக் கூடாது. பத்து நாள் கோடு 198.50. அன்று காலைதான் ஜோசியர் கிளை முழுக்கக் கேட்கும்படி, "இந்த மாசம் மொத்தச் சந்தையும் மண்ணைக் கவ்வும்" என்று முழங்கியிருந்தார். சீட்டை எடுத்துக் காகித எடைக்கல்லின் அடியில் வைத்தார். பத்தரை மணிக்கு விலை 212.50ஐத் தொட்டது. 213இல் தாராளமாகப் பத்து நிமிஷம் நின்றது. கை விசைப்பலகையின் மேல்தான் இருந்தது. திரும்பி வரும், அக்காவுக்கு ஒரு அடி மிச்சம் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அன்று மாலை விலை 219.

மறுநாள் மதிய இடைவேளையில் அக்கா போனில் கூப்பிட்டபோது அதே பொய்யைச் சொன்னார். இரண்டாம் தடவை அது வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஐயோ, வரம்பை ரொம்ப இறுக்கமா வெச்சுட்டேன் போல" என்றார் அக்கா. "என் தப்புதான். இனிமே கொஞ்சம் தளர்த்தி வெக்கிறேன்."

விட்டதைத் துரத்தக் கூடாது என்பதும் அக்காவின் விதி. பங்கு ஒரு தடவை பத்து நாள் கோட்டை அறுத்து இறங்கி, பிறகு மறுபடி உச்சியைத் தாண்டினால்தான் உண்டு. பம்பு பங்கு இறங்கினால்தானே? 230, 251, 280. ஜோசியர் தினமும் காலையில் முதலில் அதைத்தான் பார்த்தார். இறங்கிவிடு, இறங்கிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினார். விலை 338வரை போய், நாலரை மாதம் கழித்துத்தான் திரும்பியது. கோடு கூடவே ஏறி 310இல் நின்றது. அங்கேதான் அறுந்தது.

அன்று மாலை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "என்ன, அந்த அம்மாவுக்கு இன்னைக்கும் ஏதாவது மிச்சம் பண்ணிக் குடுத்தீங்களா?" என்று மனைவி விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவளிடம்கூடச் சொல்ல முடியவில்லை.

வருஷம் முடிந்த வாரம் லேப் அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். சீட்டு இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"கணக்கை மூடணும் தம்பி. படிவம் குடுங்க."

ஜோசியர் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. படிவம் உள்ளே போய்விட்டால் எல்லாம் முடிந்தது, யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பின்னாளில் அவர் அதிகம் கூசினார்.

அக்கா நோட்டைத் திறந்து காட்டினார். பத்து தடவை வாங்கியதில் எட்டு தோல்வி, சிலதில் கோடு கொஞ்சம் ஏறியிருந்ததால் மொத்தம் ஆறு அடி. இரண்டு வெற்றியில் வந்தது ஒன்றரை அடி. கழித்தால் நாலரை அடி நஷ்டம். பம்பு பங்குக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் பென்சிலில் இருந்தது. கையில் இல்லாத பங்குக்கு அக்கா நாலரை மாதம் தினமும் கோட்டை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். கடைசியில், 'ஆறரை அடி வந்திருக்கும்' என்று எழுதியிருந்தது. அதற்கு எதிரே, யார் தவறு என்ற பத்தியில், 'நான்'.

"முறை மேல குத்தம் இல்ல. எனக்குத்தான் செய்யத் துப்பில்ல" என்றார் அக்கா. "நீங்க ஒருத்தர்தான் கேலி பண்ணாம நான் சொன்னதைச் சொன்னபடி போட்டீங்க. அதுக்குத்தான் நேர்ல வந்தேன்."

ஜோசியர் நோட்டின் மேல் குனிந்தார். அந்த 'நான்' என்ற எழுத்தைப் பார்த்தார். குண்டு குண்டாக, அழுத்தி எழுதிய எழுத்து. பேசாமல் இரு என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் கை போய் மேசை இழுப்பறையைத் திறந்தது. பழைய சீட்டு அங்கேதான் கிடந்தது. கிழித்துப் போடவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் அடியில் தள்ளி வைத்திருந்தார். அதை எடுத்து நோட்டின் மேல் வைத்தார்.

"நான் போடவே இல்ல அக்கா."

"எதை?"

"இந்த ஆர்டரை. விலை உங்க வரம்புக்குள்ளதான் நின்னுச்சு. பத்து நிமிஷம் நின்னுச்சு. நான்தான் பொய் சொன்னேன். உங்களுக்கு நஷ்டம் வரும்னு..." சீட்டை அக்கா பக்கம் தள்ளினார். "எனக்குத் தெரியும்னு நினைச்சுட்டேன்."

பக்கத்து மேசைப் பெண்ணின் தட்டச்சுச் சத்தம் நின்றது. லேப் அக்கா சீட்டைப் பிரித்துத் தன் கையெழுத்தைத் தானே படித்தார். வெகு நேரம் படித்தார்.

"வேற எத்தனை?" என்றார்.

ஜோசியர் எதிர்பார்த்தது திட்டு. இந்தக் கேள்வி அல்ல. "இன்னும் ஒண்ணு. அது விழுந்துடுச்சு. போட்டிருந்தா ஒரு அடி போயிருக்கும்."

"அதையும் சேர்க்கணும்." அக்கா பென்சிலை எடுத்தார். நாலரை கழிய, ஆறரை கூட, ஒன்று கழிய. "மிச்சம் ஒரு அடி. கொஞ்சம்தான். ஆனா மிச்சம்." பென்சிலைக் கீழே வைத்தார். "எங்க லேப்ல ரத்தத்தை மெஷின்ல வெக்காமலே ஒருத்தன் அளவு எழுதிக் குடுத்தான். நோயாளி பாவம், பயந்துடுவாருன்னு நல்ல அளவா எழுதினானாம். மறுநாளே அவனை வெளியே அனுப்பினாங்க. அவன் மேல வந்த புகார்ல நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"பணத்தை நான் குடுத்துடறேன் அக்கா, மாசா மாசம்..."

"பணத்தை மேனேஜர் பார்த்துப்பார். எழுதிக் குடுங்க." நோட்டை அவர் பக்கம் திருப்பினார். பேனாவையும் நீட்டினார். "முதல்ல இதை மாத்துங்க."

நிறைவேறாத இரண்டு ஆர்டருக்கும் எதிரே 'நான்' என்று இருந்தது. ஜோசியர் இரண்டையும் அடித்துவிட்டு, பக்கத்தில் 'டீலர்' என்று எழுதினார். பள்ளிக்கூடத்தில் தப்புக்கு இம்பொசிஷன் எழுதினபோதுகூட அவருக்கு இப்படிக் காது எரிந்ததில்லை. பிறகு ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா அதை வாங்கி, கணக்கை மூடும் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி மேனேஜர் அறைக்குப் போனார்.

மேனேஜர் ஜோசியரை வேலையிலிருந்து தூக்கவில்லை. கணினியிலிருந்து எழுப்பி, வாசல் ஓரத்தில் படிவங்களும் வெற்றுச் சீட்டுகளும் கொடுக்கும் மேசையில் போட்டார். அக்காவுக்கான நஷ்டஈட்டில் அவர் பங்கு சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. விஷயம் கிளை முழுக்கப் பரவியது. ஜோசியர் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. அந்தப் பேரில் கூப்பிட்டுக் கேலி செய்திருந்தாலாவது தாங்கியிருப்பார். ஒரு பழைய வாடிக்கையாளர் மட்டும் விவரம் தெரியாமல், "சந்தை எப்படிப் போகும்?" என்று கேட்டார். "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

லேப் அக்கா இப்போதும் தினமும் காலையில் வருகிறார். சீட்டைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அவள் அதை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டும்வரை நிற்கிறார். "இருநூற்று எண்பத்தொன்று தாண்டினா வாங்கணும், கோடு இருநூற்று அறுபது, சரியா அக்கா?" என்று அவள் படிப்பது வாசல்வரை கேட்கும். போகும்போது அக்கா ஜோசியரின் மேசையைக் கடந்துதான் போக வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, கோபமாகவும் பார்ப்பதில்லை.

ஒரு நாள் அக்காவிடம் வெற்றுச் சீட்டுகள் தீர்ந்துவிட்டன. வாசல் ஓர மேசை முன்னால் வந்து நின்றார். ஜோசியர் அவசரமாக எழுந்து நின்றார்.

"சீட்டு ஒரு கட்டு குடுங்க, சார்" என்றார் அக்கா.

ஒரு வருஷமாகத் தம்பி என்று கூப்பிட்ட வாய். அவர் கட்டை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு படி இறங்கினார்.