தூக்குக்குண்டு இறங்கிய காலை

சங்கரன்கோவில் வட்டாரத்தில் யார் பெரிய தளம் போட்டாலும் முந்தின நாளே இசக்கிசெல்விக்கு போன் வந்துவிடும். கலவை சுமக்க அல்ல. மேலே கான்கிரீட் விழும்போது, அதைத் தாங்கி நிற்கிற முட்டுகளை வெளியே நின்று கவனிப்பதற்கு. முட்டு அசைந்தால் விசில் ஊதுவாள். விசில் கேட்டால் பம்பு நிற்க வேண்டும், மேலே இருக்கிறவர்கள் இறங்க வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் தரைக்கு வந்தபிறகுதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் சட்டி சுமந்தவள்தான். புளியங்குடிப் பக்கம் ஒரு வேலையில் சாரப் பலகை புரண்டு, தூணுக்காக நட்டு வைத்திருந்த கம்பி மேல் விழுந்தாள். கம்பி தொடையில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வந்துவிட்டது. ஆளாளுக்குத் தூக்கி உருவப் பார்த்தார்கள். கொத்தனார் ஆவுடையப்பன்தான் கத்தினார்: "தொடாதீங்கடா! உருவினா ரத்தம் நிக்காது!" இரண்டு பேர் அவளை அசையாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ள, காலுக்குக் கீழே கம்பியை ரம்பத்தால் அறுத்து, குத்திய துண்டோடேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டாள். நடையில் மட்டும் ஒரு சாய்வு தங்கிவிட்டது. வேலைக்குத் திரும்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கம்பியை இப்பவாவது மூடியிருக்கீங்களா?" மூடவில்லை. அன்றே சைட்டில் கிடந்த பலகைகளைப் பொறுக்கி அவளே மூடினாள். அப்படித் தொடங்கியது இந்த வேலை.

போன ஆவணியில் நியாஸ் அகமது கட்டிய கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த மனிதர். மண்டபம் என்பதால் தளம் இருபதடி உயரம். இரும்பு முட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டியிருந்தார் சென்ட்ரிங் ஒப்பந்தக்காரர் துரைப்பாண்டி. கைநேர்த்தியுள்ளவர்தான். குறுக்குக் கம்பிகளெல்லாம் இரண்டு பக்கமும் ஒழுங்காகக் கட்டியிருந்தன.

காலை ஆறரைக்கு இசக்கிசெல்வி ஒரு சுற்று வந்தாள். உத்திரங்களுக்கு அடியில் பத்து இடத்தில் நூல் கட்டித் தூக்குக்குண்டு தொங்கவிட்டாள். ஒவ்வொரு குண்டுக்கும் நேர் கீழே, முட்டிலிருந்து தள்ளி, தரையில் ஒரு முளை அடித்துச் சிவப்புப் பெயின்ட் பூசினாள். குண்டுக்கும் முளைக்கும் இரண்டு விரல் இடைவெளி. தளம் இறங்கினால் குண்டும் இறங்கும். வெளியே நின்றபடியே கண்ணுக்குத் தெரியும்.

தெற்கு ஏணிக்குப் பக்கத்தில், மேடைக்காக நட்டிருந்த தூண் கம்பிகளின் தலையில் சிவப்பு பிளாஸ்டிக் குமிழ்கள் மாட்டியிருந்தார்கள். அவள் முகம் சுளித்தாள்.

"அண்ணாச்சி, இது கை கீறாம இருக்கத்தான் ஆகும். ஆள் மேலேருந்து விழுந்தா குமிழையும் பொத்துக்கிட்டு ஏறிரும். ரெண்டிஞ்சுப் பலகையைப் பெட்டி மாதிரி அடிச்சு மூடச் சொல்லுங்க."

துரைப்பாண்டி உடனே தச்சனைக் கூப்பிட்டார்.

அடுத்தது பம்பு. ஆபரேட்டர் எபினேசரின் ஆட்கள் மேலே ஏறும் குழாயைச் சென்ட்ரிங் முட்டிலேயே கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"எபினேசர், அங்கன கட்டாதே. பம்பு ஒவ்வொரு தடவை உந்தும்போதும் குழாய் முன்னயும் பின்னயும் இழுக்கும். நாலு மணி நேரம் இழுத்தா முட்டு நிக்குமா?"

"எல்லா சைட்லயும் இப்படித்தான்க்கா கட்டுதோம்."

"இந்த சைட்ல அந்தத் தூண்ல கட்டுதோம். போன மாசம் போட்ட தூண். இறுகிக் கல்லாட்டம் நிக்கி."

இன்ஜினியர் கோகிலா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். குழாய் தூணுக்கு மாறியது. தளத்தின் மேல் போகிற குழாய்க்கு அடியில் பழைய டயர்களை வைத்தார்கள்.

எட்டு மணிக்குத் தொடங்கியது. முதல் கலவை வரும்போது ரப்பர் குழாயின் வாய்ப்பக்கம் யாரும் நிற்கவில்லை. குழாய் ஒருதரம் துள்ளி, காற்றைக் கக்கி, பிறகு சீராக ஊற்றத் தொடங்கியது. பத்து மணிக்குள் பாதித் தளம் நிரம்பிவிட்டது.

பத்தேகாலுக்கு வடமேற்கு மூலையில் ஏழாம் குண்டைப் பார்த்தாள். இரண்டு விரல் இருந்த இடத்தில் ஒரு விரல்தான் இருந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று நகர்ந்து நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முளையைத் தொட்டது. பக்கத்து முட்டின் அடிப்பலகை ஒரு பக்கமாகக் கரிசல் மண்ணுக்குள் புதைந்திருந்தது.

விசிலை மூன்று முறை ஊதினாள்.

பம்பு நின்றது. துரைப்பாண்டி ஓடிவந்தார். குண்டைப் பார்த்ததும் கையில் ஒரு முட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையப் போனார்.

"ஒரு முட்டு கொடுத்தா தாங்கிரும் இசக்கி, விடு!"

அவள் குறுக்கே நின்றாள். "மேல இருக்க பாரம் ஒங்க ஒரு முட்டுக்கு நிக்காது அண்ணாச்சி. உள்ள போனா ஒங்களையும் சேத்துத்தான் தோண்டி எடுக்கணும். யாரும் உள்ள போகப்படாது!"

அவர் நின்றுவிட்டார்.

மேலே குழாய் பிடித்திருந்த இரண்டு பேர் அதைப் போட்டுவிட்டு ஓடத் தவித்தார்கள். அவள் கீழேயிருந்து கை காட்டினாள். "எபினேசர், பின்னால இழு! குழாய்ல அழுத்தம் போகட்டும்! அதுவரைக்கும் விட்டுராதீங்கப்பா, வாலு சுழட்டி அடிக்கும்!" எபினேசர் பம்பைத் திருப்பி ஓட்டினார். குழாய் தொய்ந்ததும் அதைக் கிடத்திவிட்டு, மூலைப் பக்கம் போகாமல் தெற்கு ஏணிக்கு வந்தார்கள். மற்றவர்களோடு சேர்த்து மேலே இருந்தது பதினான்கு பேர். அவள் வாய்விட்டு எண்ணினாள்.

பதின்மூன்று பேர் இறங்கியாயிற்று. கலவையை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டர்க்காரர் வெங்கடேஷ் ஏணியில் பாதி வந்திருந்தார். அப்போது மூலை போயிற்று. முதலில் ஒரு முட்டு மடங்குகிற முனகல், அப்புறம் தகடும் கம்பியும் ஈரக் கான்கிரீட்டுமாக ஒரு பகுதி அப்படியே தரையில் இறங்கிய சத்தம். ஏணி அதிர்ந்தது. வெங்கடேஷ் பிடி நழுவிப் பக்கவாட்டில் சரிந்து, மேடைத் தூண் கம்பிகளை மூடியிருந்த பலகைப் பெட்டியின் மேல் மல்லாக்க விழுந்தார்.

இசக்கிசெல்வியின் கை தொடைத் தழும்புக்குப் போயிற்று. பிறகு சாய்ந்த நடையோடு அவரிடம் ஓடினாள். அவர் இருமினார். மணிக்கட்டு ஒடிந்திருந்தது. பலகை கீறியிருந்தது, பிளக்கவில்லை.

"அசையாதீங்க. கழுத்து வலிக்கா? கால் வெரலை ஆட்டுங்க பாப்போம்." ஆட்டினார். ஒடிந்த கையைத் துண்டால் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.

புழுதி அடங்கியபின் கோகிலா சுற்றிலும் கயிறு கட்டச் சொன்னாள். மீதித் தளத்தை அப்படியே இறுக விட்டு, மூலையை மட்டும் உடைத்தெடுத்துத் திரும்பப் போடுவதென்று முடிவாயிற்று. காரணம் சாயங்காலம் தெரிந்தது. சுவரை நனைக்க விட்ட தண்ணீர்க் குழாயில் ஒரு கசிவு, ராத்திரி முழுக்க அந்த மூலை மண்ணை ஊறவைத்திருந்தது. ஈரத்தின் மேல் சிமென்ட் தூளும் மணலும் கிடந்ததால் காலையில் கண்ணுக்குப் படவில்லை.

"நான் காலால உதைச்சுப் பாத்திருக்கணும்," என்றாள் இசக்கிசெல்வி. "தள்ளி முளை அடிச்சுப் பெயின்ட் பூசினனே தவிர, முட்டு நின்ன மண்ணைத் தொடலை. அது என் தப்பு."

நியாஸ் அகமது அவளை ஏறிட்டுப் பார்த்தார். "பதினாலு பேரும் வீட்டுக்குப் போறாங்கம்மா. இத நெனச்சு அழுவாதீங்க."

"அழலை பாய். அடுத்த தடவைக்குச் சொல்லி வைக்கேன்."

மூன்று வாரம் கழித்து அந்த மூலைக்கு, மண்ணைத் தோண்டி மெல்லிய கான்கிரீட் படுகை போட்டு அதன்மேல் முட்டு நிறுத்தினார் துரைப்பாண்டி. மேலே கான்கிரீட் போடுகிற வேலை இரண்டே மணி நேரத்தில் முடிந்தது.

அன்று மத்தியானம் கழுகுமலை ரோட்டில் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கு ஆள் கேட்டு போன் வந்தது. வியாழக்கிழமை தளம், வர முடியுமா என்றார்கள்.

"வியாழன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க," என்றாள் அவள், சோற்றைப் பிசைந்துகொண்டே. "நாளைக்கு வாரேன். ஒரு கடப்பாரை எடுத்து வைங்க. முட்டு நிக்கிற மண்ணை அங்கங்க குத்திப் பாத்துட்டு நான் நாள் சொல்லுதேன்."