ஒரு நாளும் நிற்காத பூசை

அந்த வசனத்தைப் படித்ததும் சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டேன். பேனை கையில் இருந்திருந்தால் தாளைக் கீறிக் கிழித்திருப்பேன்.

“போர்க்காலத்திலும் இவ்வாலயத்தில் நித்திய பூசை ஒரு நாளேனும் தடைப்படவில்லை.”

நான் கல்வியியற் கல்லூரி ஒன்றில் சைவசமயம் படிப்பிக்கிறேன். நாளைக்குப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களாகப் போகப் போகிறவர்கள்தான் என் மாணவர்கள். இரண்டாம் வருடத்தில் ஒவ்வொருவரும் ஒரு கோயிலின் வரலாற்றைக் கட்டுரையாக எழுத வேண்டும். எதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று அடிக்குறிப்பில் காட்ட வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதியவள் தென்மராட்சிப் பிள்ளை. கெட்டிக்காரி, எழுத்துப் பிழை விடாதவள். அவள் தெரிவு செய்த கோயில் காங்கேசன்துறைப் பக்கத்தில் இருக்கிறது. அது எங்கள் ஊர்க் கோயில் என்று அவளுக்குத் தெரியாது.

தொண்ணூறில் ஊரை விட்டு ஓடியபோது நான் சின்னப் பிள்ளை. ஓடியது நாங்கள் மட்டுமல்ல, முழு ஊரும்தான். அதற்குப் பிறகு அந்த இடம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். முட்கம்பிக்கு அங்கால் எங்கள் வீடும் கிணறும் கோயிலும் கிடந்தன. இருபது வருடத்துக்கு மேலாக ஒரு குஞ்சு குருமான்கூட உள்ளே போக முடியவில்லை. அம்மா அகதி முகாமில் ஒரு கொட்டிலுக்குள் அம்மன் படத்தை வைத்து விளக்கேற்றி அழுதுகொண்டு கிடந்தா. அப்பா ஊர் திரும்பாமலே செத்துப்போனார். இராணுவம் காணியை விட்ட பிறகு முதல் நாள் உள்ளே போனவர்களில் நானும் ஒருத்தி. கோயில் கூரையைப் பிளந்துகொண்டு ஓர் ஆலமரம் நின்றது. பூசை நிற்கவில்லையாம்.

அடிக்குறிப்பைப் பார்த்தேன். இரண்டு ஆதாரங்கள். ஒன்று கோயிலின் இணையத்தளம். மற்றது திருவிழாக் காலத்தில் கோயில் வாசலில் விற்கிற ஒரு புத்தகம். கோபுரப் படம் போட்ட பளபளப்பான அட்டை, இங்கே பாதி வீடுகளில் இருக்கும். என்னிடமும் இருந்தது. எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். ‘உதவியவை’ என்ற தலைப்பின் கீழ் ஆலய இணையத்தளம் என்று இருந்தது. பிறகு இணையத்தளத்தைத் திறந்தேன். வரலாற்றுப் பக்கத்தை எழுதியவர் பெயர் இல்லை, எப்போது எழுதியது என்றும் இல்லை. ‘எங்களைப் பற்றி’ என்று இருந்த இடத்தைத் தட்டினால் கோபுரப் படம் மட்டும் வந்தது. வரலாற்றின் அடியில் ஒரு வரி: நன்றி, அந்தப் புத்தகம்.

இது அதைக் காட்டுகிறது, அது இதைக் காட்டுகிறது. இரண்டு ஆதாரம் என்று அந்தப் பிள்ளை நம்பியது உண்மையில் ஒன்றுகூட இல்லை.

அடுத்த நாள் அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டேன்.

“உந்தத் தகவல் எங்கை எடுத்தது?”

“அடிக்குறிப்பிலை போட்டிருக்கிறன் மிஸ்.”

“ரெண்டும் ஒண்டையொண்டு பாத்து எழுதினது. நீர் கவனிக்கேல்லையோ?”

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “கோயில்காரரே தங்கடை கோயிலைப் பற்றி எழுதினது மிஸ். அவையைவிட வேறை ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். அது என்ரை ஊர். அங்கை பூசை நடக்கேல்லை. ஐயரும் இல்லை, சனமும் இல்லை. ஆமிதான் இருந்தவன்.”

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் பயப்படவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப மிஸ் சொல்லுறதை ஆதாரமாப் போடலாமோ? மிஸ்சும் ஒராள்தானே. இணையத்தளத்தை எழுதினவரும் ஒராள்தான்.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என் தகப்பன் செத்த கதையை ஓர் இணையப் பக்கத்தோடு தராசில் வைக்கிறாள். ஆனால் அவள் கேட்டதில் பிழை இல்லை. வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்ததுதான் அது. ஆர் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், அவருக்கு அதில் என்ன பங்கு, வேறு ஆரும் தனியாக அதையே சொல்லுகினமோ என்று பார்க்கச் சொன்னவள் நான்.

“என்னையும் நம்பாதையும்,” என்றேன். “அந்த நேரம் இருந்த வேறை ஆக்களைத் தேடும். அந்தக் காலத்துப் படங்கள், கோயில் திரும்பத் திறந்த நேரம் அடிச்ச சிறப்பு மலர், எதெண்டாலும் பாரும். ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாத ரெண்டு இடத்திலை ஒரே விசயம் வந்தால் எழுதும்.”

“அப்ப இணையத்தளத்தைத் தூக்கி எறியிறதோ?”

“இல்லை. கோயில் நிர்வாகம் இண்டைக்குத் தன்னைப் பற்றி என்ன சொல்ல விரும்புது எண்டதுக்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. திருவிழா எப்ப தொடங்குது, என்ன நம்பிக்கை இருக்கு, எல்லாத்துக்கும் அதைப் போடலாம். அண்டைக்கு என்ன நடந்தது எண்டதுக்குப் போடேலாது.”

கூரையில் ஆலமரம் நின்றதையும் அவளுக்குச் சொல்லி, கட்டுரையைத் திருத்தி எழுத இரண்டு கிழமை கொடுத்தேன். அவள் நேர்மையாகத்தான் தொடங்கினாள். இணையத்தளத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து, இந்த வசனத்துக்கு ஆதாரம் என்ன, எங்கள் மிஸ் கேட்கிறா என்று விசாரித்திருக்கிறாள். அந்த இலக்கம் புத்தகத்தை எழுதியவருடையது.

மூன்றாம் நாள் கல்லூரித் தலைவரான பீடாதிபதி என்னைக் கூப்பிட்டார். உள்ளே அந்த மனிதர் வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக இருந்தார். சண்டை பெருக்க முன்னமே வெளிநாடு போய், ஓய்வு பெற்றபின் திரும்பி வந்தவர். கோயிலைத் திரும்பக் கட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

“நீங்கள் சைவப் பிள்ளைதானே?” என்று தொடங்கினார். “சைவசமயம் படிப்பிக்கிற ஆள் எங்கடை சாமியைக் கேள்வி கேக்கலாமோ?”

“சாமியைக் கேக்கேல்லை ஐயா. நீங்கள் எழுதின வசனத்தைக் கேட்டனான்.”

“அது வேறை, இது வேறையோ?”

“ஓம்.”

பீடாதிபதி செருமினார். தேத்தண்ணி குடியுங்கோ என்றார். ஒருவரும் தொடவில்லை.

“ஐயா, அந்த வருசங்களிலை நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“பூசை நடந்தது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

அவர் என்னைப் பார்க்காமல் பீடாதிபதியைப் பார்த்துச் சொன்னார்: “சேர், எங்கடை அம்மாள் தன்ரை பூசையை நிப்பாட்டுவாவோ? சனம் போன இடமெல்லாம் விளக்கு ஏத்தினது. உற்சவ மூர்த்தி உரும்பிராயிலை ஒரு வீட்டிலை இருந்தது. அங்கை பூசை நடந்தது. அதைத்தான் எழுதினனான்.”

“அப்ப அதை எழுதியிருக்கலாமே,” என்றேன். “அம்மாளை உரும்பிராயிலை வைச்சுப் பூசை செய்தம் எண்டு எழுதுங்கோ. நானே சனத்துக்கு வாசிச்சுக் காட்டுவன். நீங்கள் ‘இவ்வாலயத்தில்’ எண்டெல்லோ எழுதியிருக்கிறியள். அதை வாசிக்கிற பிள்ளை எங்களை ஒருத்தரும் கலைக்கேல்லை எண்டுதான் நினைக்கும்.”

“உடைஞ்ச கோயில் எண்டு எழுதினால் கும்பிட வர ஆருக்கு மனம் வரும்?”

அதற்கு மேல் அங்கே இருக்க எனக்கு ஏலவில்லை. எழும்பி வந்துவிட்டேன். பின்னேரம் பீடாதிபதி என் மேசைக்கு வந்து, பெரிய மனிசர், கல்லூரிக்கு உதவி செய்கிறவர், பிள்ளையின் முதல் கட்டுரைக்கே புள்ளியைப் போட்டு முடித்துவிடுங்கள் என்றார். மாட்டேன் என்றேன். அப்படியென்றால் இரண்டாவது பரீட்சகர் ஒருவருக்கும் அனுப்புவோம் என்றார். அனுப்புங்கள் என்றேன். நான் கடவுளுக்கு விரோதி என்ற கதை அதற்குள் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற என்னைக் கன்ரீனில் இருந்தவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அந்தக் கிழமை முழுக்க நான் ஒருவரோடும் ஒழுங்காகக் கதைக்கவில்லை.

இரண்டு கிழமை முடிய அவள் கட்டுரையைக் கொண்டுவந்தாள். கூரை உடைந்த கோயிலைப் படம் பிடித்து வைத்திருந்த ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்திருந்தாள். மூர்த்தியை உரும்பிராய்க்குக் கொண்டுபோன குருக்களின் மகனோடு கதைத்திருந்தாள். திரும்பத் திறந்தபோது வெளியிட்ட கும்பாபிஷேக மலரை நூலகத்தில் தேடி எடுத்திருந்தாள். அந்த மலரில், அதே நிர்வாகத்தின் வாழ்த்துச் செய்தியில், கோயில் பூசையின்றிப் பாழடைந்து கிடந்த காலத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதியிருந்தது. அந்த மலர் ஒரு பழைய வெளியீடு, புத்தகம் அதற்குப் பிறகு வந்தது என்றும் குறித்திருந்தாள். இடம்பெயர்ந்த இடங்களில் வழிபாடு தொடர்ந்தது, கோயிலில் பூசை நின்றது. இரண்டையும் பிரித்து எழுதியிருந்தாள். இணையத்தளத்தைக் கடைசிப் பந்தியில் வைத்து, இன்றைய நிர்வாகம் அந்தக் காலத்தை எப்படி நினைவுகூர விரும்புகிறது என்பதற்கு மட்டும் காட்டியிருந்தாள்.

கடைசிக்கு முந்தின அடிக்குறிப்பைப் படித்தபோது மறுபடியும் எனக்குக் கோபம் வந்தது.

‘கூரையில் ஆலமரம் நின்றதாக ஊரவர் ஒருவர் கூறினார். படங்களில் காணப்படுவது அரசமரம்.’

“உது பிழை,” என்றேன். “நான் கண்ணாலை கண்டனான்.”

அவள் கைபேசியில் படத்தைப் பெருப்பித்துக் காட்டினாள். கூர் நுனி இலைகள். அரசமரம்தான். வருடக்கணக்காக நான் ஆலமரம் என்றே கதைத்து வந்திருக்கிறேன். அம்மாவுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு கைபேசியைக் கொடுத்துவிட்டு, அடிக்குறிப்பில் கை வைக்காமல் நல்ல புள்ளி போட்டேன். இரண்டாவது பரீட்சகரும் அதற்குக் கிட்டத்தான் போட்டிருந்தார். பீடாதிபதி கையெழுத்து வைத்தார்.

ஒரு பிரதியை அவள் இணையத்தளத்துக்கும் அனுப்பினாள். திருத்துவார்கள் என்று நம்பினாள். நானும் கொஞ்சம் நம்பினேன். சில மாதம் கழித்து அவள் ஓர் இணைப்பை அனுப்பியிருந்தாள். “மாத்தியிருக்கினம் மிஸ், பாருங்கோ” என்று எழுதியிருந்தாள். பழைய வசனம் அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் புதிதாக ஒரு வரி: “இடையில் சிறிது காலம் பூசைகள் நடைபெறவில்லை எனச் சிலர் கூறுவர்.”

சிறிது காலம். சிலர்.

ஓர் ஊர்ச் சனம் முழுக்க, கொட்டிலுக்குள் கிடந்த அம்மா, திரும்பி வராத அப்பா, எல்லாரும் சேர்ந்து சிலர். அன்றைக்கே அவர்களுக்கு எழுதினேன். குருக்களின் மகன் சொன்னதையும் மலரின் பக்கத்தையும் படங்களையும் குறிப்பிட்டு, இது ஆரோ சிலர் சொல்கிற கதை அல்ல, உங்கள் நிர்வாகமே அச்சடித்த விசயம் என்று எழுதினேன். பதில் வரவில்லை. திரும்ப எழுதினேன். அதற்கும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் அந்த மனிதரைக் கண்டேன். தீபாராதனை முடிந்து சனம் கலையும்போது பக்கத்தில் வந்து, “என்ன ரீச்சர், இப்ப சந்தோசம்தானே? உங்கடை பக்கத்தையும் போட்டிட்டம்,” என்றார்.

“என்ரை பக்கம் எண்டு ஒண்டில்லை ஐயா,” என்றேன். “நடந்ததைப் போடுங்கோ.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. திருநீற்றைப் பூசிக்கொண்டு வெளியே வந்து செருப்பைத் தேடினேன்.