எந்த விதிப்படி?

1964இல் வாவிக்கரை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் பீற்றிஸ். ஒவ்வொரு முடிவுக்கும் உபவிதி, பழைய தீர்மானம் என்று இலக்கம் போடாமல் அவர் கூட்ட நடவடிக்கைகளைக் கூட்டறிக்கையில் எழுதவே மாட்டார்.

கேள்வி கேட்டே தொல்லை தரும் நல்லரத்தினத்தைச் சங்கத்திலிருந்து நீக்க நிர்வாகக்குழு ஒருநாள் முடிவெடுத்தது.

“எழுதுங்க பிள்ளை,” என்றார் தலைவர் பேர்னாட்.

“எந்த விதிப்படி எண்டு எழுதுற, அண்ணன்?”

“ஏதாவது ஒண்டப் போடுங்க.”

பீற்றிஸ் உபவிதிப் புத்தகத்தைப் புரட்டினார். அங்கத்தவரை நீக்கப் பொதுக்கூட்டத்துக்கே அதிகாரம் என்றது பதினொன்றாம் விதி. பதினான்கு நாள் அறிவித்தல் கொடுத்து, அவருடைய விளக்கத்தையும் கேட்கவேண்டும். நல்லரத்தினத்தின் கேள்விகளில் பீற்றிசும் வெந்து போனவர்தான். ஆனாலும், “உபவிதி 11இன்படி பொதுக்கூட்டத்துக்கு விடப்படுகிறது” என்றே எழுதினார்.

பொதுக்கூட்டத்துக்கு நல்லரத்தினம் பழைய கூட்டறிக்கைகளைப் படித்துவிட்டு வந்திருந்தார்.

“அங்கத்தவர் எவரும் கேள்வி கேட்கலாம் எண்டு 61ஆம் ஆண்டு ஒன்பதாம் தீர்மானம் சொல்லுது. அதப் பிரேரிச்சது ஆர்? நம்மட பேர்னாட் அண்ணன்!”

முதலில் சிரித்தவர் பேர்னாட்தான். அவரை நீக்கும் பிரேரணை வாக்கெடுப்பில் தோற்றது. பீற்றிஸ் அந்த ஒன்பதாம் தீர்மானத்தையும் சந்தோசமாகவே கூட்டறிக்கையில் குறித்தார்.