‘யாது’ என்று கேட்ட வருடங்கள்

எழுபதுகளின் கடைசியில் புனே கன்டோன்மென்ட்டில் எங்கள் தமிழ்ச் சபையின் பெண்கள் கூட்டத்துக்கு நான்தான் செயலாளர். புதன்கிழமை மதியம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். வேதபாடம் முடிந்ததும் போதகரிடம் விளக்கம் கேட்கலாம். பெண்கள் தங்கள் சந்தேகங்களைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் எழுதவே வராது, காதில் சொல்வார்கள். நான் அதை நல்ல தமிழாக்கி எழுந்து நின்று வாசிப்பேன். போதகரிடம் கொச்சையாகக் கேட்பது மரியாதை இல்லை என்பது எங்கள் எண்ணம். முக்கியமாக என் எண்ணம்.

அந்தச் சீட்டுகளுக்கு நடுவே என்னுடையதும் ஒன்று வருடத்துக்கு ஒரு முறையாவது போகும். ‘ஞானஸ்நானம் பெறுமுன் மரிக்கும் குழந்தைகளின் நிலை யாது? விளக்கும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம்.’ போதகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சபைகள் இதைப் பற்றிச் சொல்வதையெல்லாம் வரிசையாக விளக்குவார். எல்லாம் சரியான பதில்தான். வீட்டுக்கு வந்து குழம்பைக் கிண்டும்போது ஒன்றும் மிஞ்சாது. என் மகன் ஒன்பது நாள் இருந்தான். அது எங்கள் வீட்டைத் தவிர வெளியே யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் கசார்வாடியிலிருந்து லோக்கல் ரயிலேறி ஒருத்தி வர ஆரம்பித்தாள். புருஷன் லேத் பட்டறையில் வேலை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். சீட்டு எழுதச் சொன்னேன்.

“எதுக்குக்கா? ஐயா முன்னாலதான இருக்காவ, நானே கேட்டுக்கிடுதேன்” என்றாள். உட்கார்ந்தபடியே கேட்டாள்: “ஐயா, தெனமும் அவுகளுக்காக ஜெபம் பண்ணித்தான் வேலைக்கு அனுப்புதேன். பொறவு எப்பிடி அவுக வெரல் மிஷின்ல போச்சு?”

போதகர் புத்தகத்தை மூடினார். “எந்த வெரலும்மா? சோறு எப்பிடிச் சாப்பிடுதாரு?” என்று கேட்டார். பிறகு அரை மணி நேரம், பக்கத்து வீட்டுக்காரர்போல, அவளிடமே பேசினார். என்னிடம் அவர் அப்படி ஒரு நாளும் பேசியதில்லை. ஐந்து வருடம் இலக்கணம் பார்த்துக் கேட்ட எனக்குப் பிரசங்கம். நேற்று வந்தவளுக்குப் பேச்சா? அன்று வாங்கிவந்த கோத்மீரை, அதான் கொத்தமல்லியை, ஆயக்கூட மனமில்லாமல் போட்டுவிட்டேன்.

அடுத்தடுத்த கூட்டங்களில் மற்றவர்களும் அவளைப் பார்த்து வாய் திறக்க ஆரம்பித்தார்கள். என் கையில் சீட்டே இல்லை. பொறாமை என்று அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். ஒழுங்கு என்று சொன்னேன். இனிமேல் கேள்வி எழுத்தில்தான் என்று ஒரு விதி போட்டேன். போதகர் சங்கடமாகத் தலையாட்டினார்.

அந்த வாரம் அவளும் சீட்டுத் தந்தாள், பேசுவதுபோலவே எழுதி: ‘அவுக கோயிலுக்கு வரமாட்டேங்காவ. சண்ட போடவா, சும்மா விடவா?’ நான் எழுந்து வாசித்தேன்: “விசுவாசத்தில் சோர்ந்துபோன கணவரிடத்தில் மனைவி நடந்துகொள்ள வேண்டிய முறை யாது?”

போதகர் கண்ணாடியைத் துடைத்தார். குடும்பத்தின் மேன்மை, மனைவியின் பொறுமை என்று நீண்ட விளக்கம் தந்தார். அவள் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

அவர் முடித்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, நீங்க வாசிச்சது என் கேள்வி இல்ல. நான் எங்க வீட்டுக்காரரப் பத்தில்லா கேட்டேன்.”

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த சீட்டு என்னுடையது, அந்தப் பழைய கேள்விதான். ‘ஞானஸ்நானம் பெறுமுன்’ என்று தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன். சீட்டை மடக்கினேன்.

“ஐயா, எம்புள்ள ஒம்பது நாள்தான் இருந்தான். ஞானஸ்நானம் குடுக்கதுக்குள்ள போயிட்டான். அவன் எங்கய்யா இருக்கான்?”

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அம்மா வீட்டில் பேசுகிற குரல்.

போதகர் என்னையே பார்த்தார். கண்ணாடியைத் தொடவில்லை.

“அந்தக் கேள்வி ஒங்களுதாம்மா?” என்றார். “இத்தன வருசமா யாருக்கோன்னுலா பதில் சொல்லிட்டு இருந்தேன்.”