பதினோரு பேருக்கு ஒரே கைநாட்டு

சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்தில் அன்னாசிப்பழம் நறுக்கி விற்கும் பொன்னம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். சுற்றுலா வந்த யாராவது பழம் புளிக்கிறது என்று முகத்தைச் சுளித்தால், "நேத்தெல்லாம் இனிச்சுதுங்க, இன்னிக்கு உங்க மொகத்தைப் பாத்துப் புளிச்சிருக்கும்" என்பார். சுளித்தவரே சிரித்துக்கொண்டு இன்னொரு தட்டு வாங்குவார். அந்த வாயை அடைத்தவர்களில் நானும் ஒருத்தி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெனிபர், சேலத்துக்காரி. மலையில் மாற்றுத்திறனாளிகளை ஊர் ஊராகப் பார்த்து, அவர்களுக்கு வர வேண்டியதை வாங்கிக் கொடுக்கும் களப்பணியாளர் வேலை. மலைக்கு வந்த புதிதில், வழி தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் விழித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தவர் பொன்னம்மாள். "ஏன் கண்ணு, பேய் அடிச்ச மாதிரி நிக்கற? எந்த ஊருக்குப் போவோணும்?" என்று கேட்டார். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. திண்ணனூர் நாட்டில் எந்தக் கொட்டாயில் யாருக்குக் கண் தெரியாது, வளப்பூர் நாட்டில் யாருக்குக் காது கேட்காது என்று அவர் சொல்லித்தான் நான் பாதிப் பேரைக் கண்டுபிடித்தேன். சம்பளம் எனக்கு, வேலை அவருக்கு.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பத்து வருடத்துக்கு முன் பலாப்பழம் ஏற்றிய ஜீப் வளைவில் கவிழ்ந்ததில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த செயற்கைக் காலும் போன மழைக்காலத்தில் விரிசல் விட்டது. சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றிக்கொண்டு நடந்தார். சாயங்காலம் கழற்றும்போது தோல் உரிந்து ரத்தம் கசிந்திருக்கும். "செருப்புக் கடிச்சா செருப்பை மாத்தலாம், காலே கடிச்சா என்ன பண்றது?" என்று அதற்கும் ஒரு கேலி.

அந்தச் சமயத்தில்தான் நாமக்கல்லில் மாதக் கடைசியில் செயற்கைக் கால் அளவெடுக்கும் முகாம் என்று தகவல் வந்தது. பழைய அடையாளப் புத்தகம் போதாது, மத்திய அரசின் புது அடையாள அட்டையான யுடிஐடி வேண்டும் என்றார்கள். ஆன்லைனில் விண்ணப்பித்து, கீழே நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பார்த்து, அதன் பிறகு அட்டை வர வேண்டும். நான் ஊர் ஊராகப் போய், "இந்த வாரத்துக்குள்ள போட்டுருங்க, விட்டா போச்சு" என்று விரட்டினேன். எல்லோரும் போய் விழுந்தது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில். அதை நடத்தியவள் ராதிகா. இருபத்தாறு வயது, சுறுசுறுப்பான பெண். பொன்னம்மாளைப் பெரியம்மா என்பாள். பொன்னம்மாளும் கடையை மூடுமுன் நல்ல பழமாக ஒன்றை அவளுக்கு எடுத்து வைப்பார்.

விண்ணப்பத்தில் போட்டோவுக்குக் கீழே கையெழுத்துப் படம் ஏற்ற ஓர் இடம் உண்டு. கையெழுத்துப் போட முடியாதவர்களுக்குக் கைநாட்டு. வெள்ளைத்தாளில் இடது கட்டை விரலை மை தொட்டு ஒற்றி, படம் எடுத்து, சுற்றிலும் வெட்டி, முப்பது கே.பி.க்குள் சுருக்கி ஏற்ற வேண்டும். ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷின் ஆளைச் சரிபார்க்கிறதே, அது வேறு. இது வெறும் படம். யாருடைய விரல் என்று எந்தக் கம்ப்யூட்டரும் கேட்காது. இதைத்தான் ராதிகா பிடித்துக்கொண்டாள்.

முதலில் வைத்தவர் பொன்னம்மாள். அவருடைய இடது கட்டை விரலில் வாழைத்தார் அறுத்தபோது அரிவாள் பட்ட தழும்பு குறுக்கே ஓடும். அன்று புது மை. ரேகை ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கிற மாதிரி விழுந்தது.

"பெரிம்மா, இவ்ளோ தெளிவா யாருக்குமே வந்ததில்ல" என்றாள் ராதிகா.

போதாதா? அன்று முழுக்க பஸ் ஏற வந்தவர்களிடமெல்லாம், "என்ற கைநாட்டு கம்ப்யூட்டருக்கே புடிச்சுப் போச்சாமுங்க" என்று பொன்னம்மாள் பீற்றிக்கொண்டார். நானும் கேட்டுச் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பதினோரு பேரை ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வேன் பிடித்துக் கூட்டிப் போனேன். விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஓம்பிரகாஷ் வரிசைப்படி கூப்பிட்டார். நான்காவதாக அர்த்தனாரி. மின்கம்பி பட்டு இரண்டு கையும் மணிக்கட்டோடு போனவர். அவர் மனைவி வேலம்மாள் சட்டையைச் சரிசெய்து அவரை முன்னால் நிறுத்தினார்.

ஓம்பிரகாஷ் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அர்த்தனாரியைப் பார்த்தார். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இவருக்கு ரெண்டு கையும் இல்ல. கைநாட்டு யாருதும்மா?"

கையில்லாதவர்கள் கால் கட்டை விரலை வைக்கலாம், அதற்கும் இடமிருக்கிறது. வேலம்மாளுக்கு அது எப்படித் தெரியும்? "நான் காயிதத்தை மட்டுந்தானுங்க கொண்டு போய்க் கொடுத்தேன். இவுருக்குக் கையில்லைங்களேன்னு கேட்டேன். அதெல்லாம் நான் பாத்துக்கறேன்னு அந்தப் புள்ளைதான் சொல்லுச்சு" என்றார்.

படத்தில் குறுக்கே ஒரு தழும்பு. ஓம்பிரகாஷ் மற்றவர்களுடையதையும் திறந்தார். பதினோரு விண்ணப்பத்திலும் அதே தழும்பு. அந்தப் பதினோரு பேரில் இரண்டு பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், அழகாகக் கையெழுத்துப் போடுவார்கள்.

"இது மோசடி. போலீஸ்ல சொல்ல வேண்டியிருக்கும்" என்றவர், என்னிடம் நம்பர் வாங்கி ராதிகாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

ராதிகா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "சார், பொன்னம்மாள்னு ஒரு பெரிம்மாங்க. அவங்கதான் எல்லாரையும் கூட்டிட்டு வந்து, அவங்களே விரல் வெச்சாங்க. படிக்காதவங்க, நான் சொன்னா கேக்கலைங்க."

பொன்னம்மாள் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். செயற்கைக் காலைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். போனையே பார்த்தார். பழம் வாங்கித் தின்ற அந்தக் குரல்தானா என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், எல்லோர் முன்னாலும் நான் கேட்டேன்.

"அக்கா, நீங்க வெச்சீங்களா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். காலை எடுத்து மாட்டிக்கொண்டு, டியூபைச் சுற்ற ஆரம்பித்தார்.

அன்று யாரையும் டாக்டர் பார்க்கவில்லை. பதினோரு விண்ணப்பங்களும் நிறுத்தப்பட்டன. திரும்பும்போது வேனில் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். "அதான் அன்னிக்கே பீத்திக்கிச்சே, கம்ப்யூட்டருக்குப் புடிச்சுப் போச்சுன்னு" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. பொன்னம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். நான் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் ஏதோ பார்ப்பதுபோல் நடித்தேன்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் தனியாக நாமக்கல் போனேன். ஓம்பிரகாஷ் நல்ல மனிதர். பதினொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு படத்திலும் இடது ஓரத்தில் கடுகு அளவுக்கு ஒரு மைத்துளி. ஒரே இடம், ஒரே அளவு. நானே விரலில் மை தொட்டு மூன்று முறை ஒற்றிக் காட்டினேன். ஒன்று போல் ஒன்று வரவில்லை. ஒருவர் பதினோரு முறை வைத்தால் பதினோரு விதமாக அல்லவா விழும்? அவர் ஒரே ஒரு தடவைதான் வைத்திருக்கிறார், தன் விண்ணப்பத்துக்கு. மற்ற பத்தும் அதன் நகல்.

"அந்தம்மா மேல தப்பில்ல" என்றார் ஓம்பிரகாஷ். "ஆனா எல்லாருமே சரியான படத்தோட புதுசாத்தான் போடணும்."

"பொன்னம்மாளக்கா படம் அவங்களுதுதானே சார்?"

"எதுதான் நிஜம்னு விசாரிச்சு எழுதி முடிக்கவே மாசக் கணக்காகும். புதுசா போட்டா சீக்கிரம்."

முகாமுக்கு நான்கு நாள்தான் இருந்தது. எப்படிப் போட்டாலும் எட்டாது.

நேராக ராதிகாவிடம் போனேன். மைத்துளியைச் சொன்னதும் அழுதாள். "அம்பது பேரு நின்னாங்கக்கா. நீங்க வேற தினம் போன் போட்டு முடி முடின்னீங்க. மண்ணு வெட்டற கைங்க, வெச்சா கரியா அப்பிக்குது. மூணு மணி பஸ்ஸுன்னு பாதிப் பேரு ஓடிட்டாங்க. யாரு பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

"அது சரி. அவங்க பேரை ஏன் சொன்ன?"

"போலீசுன்னாரேக்கா. பெரிம்மா கோவிச்சுக்க மாட்டாங்கன்னு…"

கோவித்துக்கொள்ளாதவர்களைத்தான் நாம் எல்லோரும் மிதிக்கிறோம். அவளை வாயில் வந்தபடி திட்டினேன். திட்டத் திட்ட எனக்குத் தெம்பு வந்தது, ஏதோ நான் யோக்கியம் மாதிரி.

அந்தத் தெம்போடு சாலையைத் தாண்டி பொன்னம்மாளிடம் போனேன். பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்கள் போகும்வரை காத்திருந்து, ஒன்று விடாமல் சொன்னேன். மைத்துளி, நகல், ராதிகா ஒப்புக்கொண்டது, அவர் பேரில் குற்றமில்லை என்று ஆபீசரே சொன்னது எல்லாம். முகாம் போய்விட்டது என்பதையும் கடைசியில் சொன்னேன். "அடுத்த முகாமுக்கு நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்க்கா. ராதிகா பண்ணது மன்னிக்கவே முடியாத துரோகம்" என்று முடித்தேன்.

பொன்னம்மாள் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"அது பயந்துக்கிட்டுச் சொல்லுச்சுங்க மேடம். போலீசுன்னா யாருக்கும் பயம் வருமுங்க. மூணு வருசமா இங்கயே உக்காந்து என்ற சோத்தைத் தின்னீங்களே, நீங்க எந்தப் பயத்துல கேட்டீங்க?"

ஒரு பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் தட்டு கேட்டார்கள், அவர் எழுந்து கொடுத்தார். அந்தக் காலை இழுத்து இழுத்து நான்கு நடை நடந்தார். யாரிடமும் ஒரு கேலி பேசவில்லை.

புது விண்ணப்பம் போட அடுத்த வாரம் வேலம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு செம்மேட்டில் இருக்கும் வேறொரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாராம். படம் எடுத்து முடித்ததும் விரலை ஒற்றிய தாளை அங்கே விட்டுவிடாமல், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டார் என்று வேலம்மாள்தான் சொன்னார். என்னைக் கூப்பிடவில்லை.