ஆடிக்கு முன்னால் வாங்கவிருந்த ஜெராக்ஸ் இயந்திரம்

செவிலிமேட்டில் எங்கள் வீட்டுப் பத்திரம் நீல நிற பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. பீரோவைத் திறக்கும்போது கண்ணில் பட்டால் இன்றும் பத்திரம் உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவேன். ஒரு காலையில் அந்த உறையைப் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறியவள் நான்தான்.

அப்போது காஞ்சிபுரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தட்டச்சுக் கடை வைத்திருந்தேன். பத்திரம் எழுதுபவர்கள் கொண்டுவரும் வரைவுகளை அடித்துக் கொடுப்பேன். நகல் வேண்டுமென்றால் கடைவீதி வரை நடக்க வேண்டும். அப்படி நடந்தவர்களில் பாதிப்பேர் அடுத்த முறை அங்கேயே டைப் அடிக்கவும் கொடுத்துவிட்டார்கள். ஒரு ஜெராக்ஸ் இயந்திரம் இல்லையென்றால் கடையை மூட வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது. என் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். "நீ பாத்துக்கோ, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டார். அப்படி அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பயம் கூடும்.

இயந்திரம் ஒரு லட்சத்து இருபதாயிரம். சென்னையிலிருந்து வந்த விற்பனையாளர் என் கடையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார். தாள், மை, கரண்ட் எல்லாம் போக மாதம் நாலாயிரம் நிற்கும், வருஷத்துக்கு நாற்பத்தெட்டாயிரம், இரண்டரை வருஷத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும் என்றார். அந்த நாலாயிரத்துக்கு அடிப்படை அவர் சொன்ன எண்ணிக்கை அல்ல, நான் சொன்னது. ஒரு மாதம் முழுக்க, நகல் கேட்டு என் கடை வாசலில் நின்றவர்களை நோட்டில் குறித்து வைத்துச் சொன்னேன்.

பணத்துக்குப் பெரிய தெருவில் ஃபைனான்ஸ் நடத்தும் ஒருவரைப் பிடித்தேன். ரெண்டு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். அடமானம் வீட்டுப் பத்திரம். ஆடி பிறக்க ஐந்து நாள் இருந்தது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பதால் ஆனி முடிவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று விற்பனையாளரும் அவசரப்படுத்தினார், நானும் அவசரப்பட்டேன்.

அன்று கல்லூரி விடுமுறை. பி.காம். கடைசி வருஷம் படித்த என் மகளைத் துணைக்குக் கூட்டிப் போனேன். அவள் பேசுவாள் என்று நினைக்கவில்லை. ஃபைனான்ஸ்காரர் பத்திரத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். விற்பனையாளரின் தாள் மேசைமேல் கிடந்தது. அதை எடுத்துப் படித்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, ஆடியில நாம மெஷின் வாங்க மாட்டோம், இல்ல? அப்ப ஆடியில யாரு நிலம் பதிவு பண்ண வருவாங்க?"

எனக்கு ஒரு நொடி எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான் தலைகளை எண்ணிய மாதம் ஆனி. ஆடிக்கு முன்னால் பதிந்துவிட வேண்டும் என்று ஊரே பதிவு அலுவலகத்தில் நெருக்கியடித்த மாதம் அது. ஆடியிலும் மார்கழியிலும் நான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். பத்து வருஷமாக அதே தெருவில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் நாலாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கும்போது அந்த இரண்டு மாதமும் என் கண்ணில் படவே இல்லை. ஆனி நெரிசலையே சாதாரண மாதமாக எடுத்துக்கொள்ளலாமா என்றும் அவள் கேட்டாள். மற்ற மாதங்களில் தட்டச்சுக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை என் பையிலிருந்த பழைய நோட்டில் இருந்தது. அதை வைத்துப் பார்த்ததில், தையிலும் ஆவணியிலும் ஆனியைவிடக் கூட்டம் ஏறுவதும் பங்குனியில் இறங்குவதும் ஈடாகி, பத்து மாதத்துக்குச் சராசரி நாலாயிரம் தேறும் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். அப்படியென்றால் வருஷத்துக்கு நாற்பதாயிரம். போட்டது திரும்ப மூன்று வருஷம்.

ஃபைனான்ஸ்காரர் சிரித்தார். "இன்னாமா, ஆடிட்டரைக் கூட்டிக்கினு வந்துக்கிறியா? அரை வருஷம்தானே தள்ளிப் போவுது."

அதுவும் இல்லை என்றாள் மகள். தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். எனக்கு அவமானமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். எழுந்து வா என்று அவள் முழங்கையைத் தொட்டேன்.

"இரும்மா. அடுத்த வருசம் வர்ற நாப்பதாயிரம் இன்னிக்கு நாப்பதாயிரம் இல்ல. ரெண்டு வட்டின்னா வருசத்துக்கு இருபத்திநாலு பர்சென்ட். இன்னிக்கு நூறு ரூபா கடன் அடுத்த வருசம் நூத்தி இருபத்திநாலா நிக்கும். அப்படி வகுத்தா அது இன்னிக்கு முப்பத்தி ரெண்டாயிரத்துச் சொச்சம்தான்."

இரண்டாம் வருஷத்து நாற்பதாயிரத்தை அந்த வட்டியில் இரண்டு முறை வகுத்தால் இருபத்தாறாயிரம். மூன்றாவது இருபத்தோராயிரத்துக்குச் சற்றுக் குறைவு. நான்காவது பதினேழாயிரத்தையும் தொடவில்லை. ஐந்தாவது பதின்மூன்றாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். ஐந்து வருஷத்துக்கு மேல் இயந்திரம் ஓடும் என்று விற்பனையாளரே சொல்லவில்லை. எல்லாவற்றையும் கூட்டி அடிக்கோடு போட்டாள். ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து எண்ணூறு. விலைக்குப் பத்தாயிரம் குறைந்தது.

மூன்று வருஷத்தில் திரும்புகிறது என்று சொன்ன அதே பணம், இந்த வட்டியில் இயந்திரம் சாகும்வரை திரும்பவே இல்லை.

ஃபைனான்ஸ்காரர் கெட்டவர் இல்லை. தாளை வாங்கி, கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். பிறகு பத்திரத்தை உறையில் போட்டு என் பக்கம் நகர்த்தினார். "யோசிச்சிட்டு வாங்க. ஆடி போவட்டும்" என்றார். அவ்வளவுதான். தெருவுக்கு வந்ததும் உறையைப் பையின் அடியில் செருகினேன். பஸ் நிறுத்தம் வரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். திட்டுவேன் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆடி முழுக்கக் கடை காலியாகக் கிடந்தது. அந்த ஓய்வில் வங்கிக்குக் கொடுக்க ஒரு பக்கத் திட்ட அறிக்கையை அவள் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். வங்கி வட்டி பன்னிரண்டு சதவீதம். அதில் கணக்கிட்டால் மூன்று வருஷத்தில் தொண்ணூற்றாறாயிரம் தேறும். மிச்சம் நான்காம் வருஷம் முடிகிற தறுவாயில்தான் வந்து சேரும். வட்டியைச் சேர்க்காமல் மூன்று, சேர்த்தால் ஏறக்குறைய நான்கு. இரண்டையும் அடுத்தடுத்த வரியில் போடச் சொன்னாள். மூன்றை மட்டும் காட்டினால் போதாதா என்றேன்.

"நாலுன்னு தெரிஞ்சே கொடுத்தாத்தான் நமக்கும் நல்லதும்மா" என்றாள். பணம் திரும்புகிற நாளைத்தான் இந்தக் கணக்கு சொல்லும், அதற்கப்புறம் என்ன மிஞ்சும் என்பதை இது சொல்லாது என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். வாங்கலாமா என்பதற்கு இது ஒன்றே பதில் இல்லை என்பதற்காக.

மேலாளர் படித்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வருஷத்துக்குப் பத்து மாதம்தான் போட்டிருக்கிறீர்களே, ஏன்? ஆடியும் மார்கழியும் என்றேன். அவர் தலையாட்டினார். இதை யார் தயாரித்தது என்று பிறகுதான் கேட்டார். என் மகள் என்றேன்.

ஆவணியில் இயந்திரம் வந்தது. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருந்தது. வங்கி அடமானமாகக் கேட்டது இயந்திரத்தையும், ஜாமீனாக என் கணவரின் கையெழுத்தையும் மட்டும்தான். நாலாம் வருஷம் முடிந்து மூன்று மாதத்தில், பதிவு அலுவலக வாசலிலேயே கம்ப்யூட்டரும் பிரின்டருமாக ஒரு புதுக்கடை திறந்தார்கள். என் வரும்படி பாதியாகக் குறைந்தது. அதற்குள் கடைசித் தவணையைக் கட்டி முடித்திருந்தேன். ரெண்டு வட்டியில் வாங்கியிருந்தால் அந்தக் கடை திறந்த அன்றும் நான் அசலில் பாதிக்குக் கிட்டப் பாக்கி வைத்திருப்பேன். பத்திரம் பெரிய தெருவில் இருந்திருக்கும்.

விற்பனையாளரின் தாள் இப்போது அந்த நீல உறைக்குள் பத்திரத்தோடு இருக்கிறது. முன்பக்கம் நான் நம்பிய பெருக்கல், பின்பக்கம் அவள் வகுத்தல். அவள் இன்று சென்னையில் ஒரு கம்பெனியில் இப்படிப்பட்ட கணக்குகளைத்தான் பார்க்கிறாள், பெரிய இயந்திரங்களுக்கு. ஊருக்கு வந்தால், அந்தத் தாளைத் தூக்கிப் போடேன் என்கிறாள். நான் போடுவதாக இல்லை.